காரணம் எப்போது பிறக்கிறது: பாக்கெட்டில் கை வைக்கும் முன்பா, பின்பா?

நடைபாதை | மார்ச் 3, இரவு 10.12

போன வாரம் இரவு வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். ரோந்து வண்டி பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு காவலர்கள் இறங்கினார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள், சட்டையையும் கால்சட்டைப் பாக்கெட்டையும் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டேன். ஒருவர் "இந்தப் பக்கம் புகார் வந்திருக்கு" என்றார். அதே நேரத்தில் மற்றவர் "எங்களைப் பார்த்ததும் வேகமா நடந்தீங்க" என்றார். ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. இவர்களுக்குச் சரியான பயிற்சி கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம். சரிதானா?

பழைய பயிற்றுநர் | மார்ச் 4, காலை 6.50

பாதி சரி. ஒன்பது வருடம் ரோந்து, பிறகு பதினோரு வருடம் புதிய காவலர்களுக்கு ஆட்களைச் சோதனையிடும் வகுப்பு எடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது, அந்த இருவரும் வேறு வேறு காரணம் சொன்னதுதான். ஒரே ஆளை, ஒரே நொடியில், ஒரே வண்டியிலிருந்து பார்த்தவர்கள். வண்டியை நிறுத்தும்போதே காரணம் இருந்திருந்தால் அது இருவருக்கும் ஒன்றாக இருந்திருக்கும். இறங்கும் முன் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கேட்ட பிறகு ஆளுக்கு ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

பயிற்சி இல்லாததால் வந்த கோளாறு என்று இதைச் சொல்ல மாட்டேன். நாங்கள் கொடுத்த பயிற்சியே ஒரு பங்கு காரணம். எங்கள் பாடத்திட்டத்தில் எங்கே நிற்பது, கத்தியை எங்கெல்லாம் ஒளிப்பார்கள், கையை எப்படிப் பிடிப்பது எல்லாவற்றுக்கும் இரண்டு முழு நாள். எந்த அடிப்படையில் ஒருவரை நிறுத்தலாம் என்பதற்கு நாற்பது நிமிடம். ஒத்திகைக்கு ஆள் வைப்போம். அந்த ஆளிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்: காலுறைக்குள் கத்தி, தொப்பிக்குள் பொட்டலம். மாணவன் தேடுவான், எடுப்பான், வகுப்பு கைதட்டும். வெறும் பாக்கெட்டோடு ஒருவன் வந்து நின்றதே இல்லை. சந்தேகப்பட்டால் கிடைக்கும் என்பதை வாயால் சொல்லாமலே கற்றுக்கொடுத்துவிட்டோம்.

பழைய பயிற்றுநர் | மார்ச் 4, காலை 7.35

கடைசி மூன்று வருடம் இதை மாற்றிப் பார்த்தேன். பத்து ஒத்திகையில் எட்டில் ஆளிடம் ஒன்றுமே இருக்காது. முதல் வாரமே மாணவர்கள் வந்து புகார் சொன்னார்கள், நேரம் வீணாகிறதாம்.

இன்னொன்றும் நடந்தது, அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். பாக்கெட் காலியாக இருந்த பிறகு குறிப்பு எழுதச் சொன்னேன். தேடும் முன் "சும்மா நின்னுட்டு இருந்தார் சார்" என்றவன், தேடிய பிறகு எழுதும்போது "பதற்றமாகக் காணப்பட்டார், சுற்றுமுற்றும் பார்த்தார்" என்று எழுதினான். பொய் எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. நிறுத்திவிட்டோம், அதனால் ஏதோ பார்த்திருப்போம் என்று அவனே நம்பிவிட்டான். அதன்பின் காரணத்தை வண்டியில் இருந்தபடியே வாய்விட்டுச் சொல்லிவிட்டு இறங்கு என்று விதி வைத்தேன். நிறுத்தங்கள் பாதியாகக் குறைந்தன. ஒத்திகையில்தான். தெருவில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க எனக்கு வழி இல்லை.

வாசல் | மார்ச் 4, காலை 9.20

விமான நிலையத்திலும் என்னை இப்படித்தான் செய்தார்கள். மூன்று முறை போனேன், மூன்று முறையும் என் பையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். அங்கே யாரிடம் புகார் கொடுப்பது?

பழைய பயிற்றுநர் | மார்ச் 4, காலை 10.05

அது வேறு கதை. அந்த வாசலைக் கடக்கிற எல்லோரையும் சோதிக்கிறார்கள், உங்கள் மீது சந்தேகம் இருக்கிறதா என்ற கேள்வியே அங்கே கிடையாது. பையைத் தனியாக எடுப்பதும் பெரும்பாலும் திரையில் தெரிந்த ஏதோ ஒரு உருவத்தால். மூன்று முறையும் உங்களையே என்றால் எழுதிக் கேளுங்கள். இங்கே பேசுவது தெருவைப் பற்றி. அங்கே ஆயிரம் பேர் நடக்க, ஒருவரை மட்டும் காவலர் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வு எப்படி நடந்தது என்பதுதான் கேள்வி.

பழைய பயிற்றுநர் | மார்ச் 4, இரவு 9.15

தெருவில் நிறுத்தித் தடவிப் பார்க்கும் அதிகாரம் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் வழக்கு அமெரிக்காவின் டெர்ரி எதிர் ஓஹையோ, 1968. அதை வகுப்பில் கதையாகவே சொல்வேன்.

1963 அக்டோபர் 31, கிளீவ்லேண்ட் நகரம். மார்ட்டின் மெக்ஃபேடன் என்ற துப்பறியும் காவலர். காவல் துறையில் 39 வருடம், அந்தக் கடைத்தெருவில் மட்டும் 30 வருடம். இரண்டு பேர் அவர் கண்ணில் பட்டார்கள். முதலில் ஏன் பார்த்தீர்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அப்போது அவர்கள் சரியாகப் படவில்லை என்றார், அவ்வளவுதான். உடனே போய்ப் பிடிக்கவும் இல்லை. தள்ளி நின்று பார்த்தார். இருவரும் மாறி மாறி ஒரே கடைக் கண்ணாடியை எட்டிப் பார்ப்பது, திரும்பி வந்து பேசுவது, மறுபடி போவது என்று ஆளுக்கு ஐந்தாறு தடவை செய்தார்கள். நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் அவர் போன திசையிலேயே போய் வேறொரு கடை முன் சேர்ந்தார்கள். அதன் பிறகுதான் மெக்ஃபேடன் அருகில் போய், தான் யார் என்று சொல்லிப் பெயர் கேட்டார். முணுமுணுப்புதான் பதில். மேல் துணியைத் தடவினார். இருவரிடம் துப்பாக்கி இருந்தது. மூன்றாமவரிடம் மேலே தடவியதில் ஒன்றும் தட்டுப்படாததால் அவர் துணிக்குள் கையே விடவில்லை.

உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் உள்ளுணர்வு போதாது, குறிப்பாக இன்னின்னதைப் பார்த்தேன் என்று எடுத்துச் சொல்ல முடிய வேண்டும் என்றது. மெக்ஃபேடனுக்கும் முதலில் வந்தது உள்ளுணர்வுதான். அது அவரை நின்று பார்க்க வைத்தது, கையை நீட்ட வைக்கவில்லை. நடுவில் அவர் நின்று பார்த்த அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் வழக்கின் உயிர். பின்னால் வந்த பயிற்சிகள் மெக்ஃபேடனின் கையை எடுத்துக்கொண்டன, அந்த நிமிடங்களை விட்டுவிட்டன.

குடியிருப்புச் சங்கம் | மார்ச் 5, காலை 8.02

நீங்கள் சொல்வதெல்லாம் புத்தகத்துக்குச் சரி. நான் எங்கள் சங்கத்தின் செயலாளர். வீடு புகுந்து திருடுகிறார்கள், பெண்கள் இரவில் நடக்கப் பயப்படுகிறார்கள். நாங்கள்தான் ரோந்து கேட்டு மனு கொடுத்தோம். காவலர்கள் நிறுத்திக் கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று நாங்களே திட்டுவோம். ஐந்து நிமிடம் பையைக் காட்டுவதில் என்ன நஷ்டம்? நிறுத்துவார்கள் என்று தெரிந்தால் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வருவான். எதுவும் கிடைக்கவில்லை என்பதே அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

பழைய பயிற்றுநர் | மார்ச் 5, மதியம் 1.30

உங்கள் பயம் உண்மையானது, அதைத் தள்ளிப் பேச மாட்டேன். மனு கொடுத்ததிலும் தவறில்லை. ஆனால் கிடைக்காததே வெற்றியின் அடையாளம் என்றால் தோல்விக்கு அடையாளம் எது? கிடைத்தால் நிறுத்தியது சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்று வைத்துக்கொண்டால் தவறாக நிறுத்தினோம் என்று எப்போதுமே தெரியவராது.

இந்த வாதத்தை ஒரு பெரிய நகரமே நடத்திப் பார்த்தது. நியூயார்க்கில் 2011-ல் மட்டும் 6,85,724 முறை தெருவில் ஆட்களை நிறுத்தினார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷீரா ஷைன்ட்லின், அந்த நிறுத்தங்களில் இனப் பாகுபாடு இருந்தது என்று தீர்ப்பு சொன்னார். 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை 44 லட்சம் நிறுத்தங்களின் படிவங்கள் அலசப்பட்டன. அதில் 12 சதவீதம் கைதில் முடிந்தன. ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதத்தில்.

தீர்ப்புக்கு முன்பே குறையத் தொடங்கிய நிறுத்தங்கள் மளமளவென்று குறைந்தன, 2014-ல் சுமார் 46,000. உங்கள் கணக்குப்படி கத்தியும் துப்பாக்கியும் தெருவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். 2011-ல் அந்த நகரில் 515 கொலைகள், 2014-ல் 333.

எண்கணக்கு | மார்ச் 5, மதியம் 3.10

இரண்டு தவறு. 12 சதவீதம் முழுக்கக் கைது இல்லை. பாதி கைது, பாதி வெறும் அழைப்பாணை. 1.5 சதவீதம் என்பதும் நிறுத்தங்களில் அல்ல, தடவிப் பார்த்ததில்.

இன்னொன்று. எந்த இனத்தாரிடமும் கிடைக்கும் விகிதம் ஒன்றாக இருந்தால் பாகுபாடு இல்லை என்றுதானே அர்த்தம்? அங்கே ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது.

பழைய பயிற்றுநர் | மார்ச் 5, மாலை 6.45

திருத்தம் சரி. ஆறு சதவீதம் கைது, ஆறு சதவீதம் அழைப்பாணை. 44 லட்சத்தில் ஏறக்குறைய பாதிப்பேரைத் தடவினார்கள், சுமார் 23 லட்சம் முறை. தடவுவது ஆயுதம் இருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே செய்யக்கூடியது. அதில் 98.5 சதவீதம் ஆயுதம் இல்லை.

விகிதம் ஒன்றாக இருந்ததா? நிறுத்தப்பட்ட வெள்ளையரிடம் ஆயுதம் கிடைத்தது 1.4 சதவீதம், கறுப்பரிடம் 1.0. சின்ன வித்தியாசம்தான். ஆனால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒரு கூட்டத்தாரைக் குறைந்த ஆதாரத்துக்கே நிறுத்தினால் அவர்களிடம் கிடைப்பதும் குறையும். நிறுத்தப்பட்டவர்களில் 52 சதவீதம் கறுப்பர்கள், மக்கள்தொகையில் அவர்கள் 23 சதவீதம். மக்கள்தொகையோடு ஒப்பிடக் கூடாது, குற்றம் செய்ததாகப் புகாரில் சொல்லப்பட்டவர்களின் இனத்தோடு ஒப்பிட வேண்டும் என்று நகர நிர்வாகம் வாதாடியது. நிறுத்தப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் மீது நடவடிக்கையே இல்லாதபோது குற்றவாளிகளோடு ஏன் ஒப்பிட வேண்டும் என்று நீதிபதி கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் படுகிறது.

எண்கணக்கு | மார்ச் 5, இரவு 8.20

கொலை குறைந்ததை வைத்து நிறுத்தங்களால் பயனில்லை என்று சொல்ல முடியாது. வேறு நூறு காரணம் இருக்கலாம்.

பழைய பயிற்றுநர் | மார்ச் 5, இரவு 8.50

ஒப்புக்கொள்கிறேன். கொலைகள் பல வருடமாகவே குறைந்துவந்தன. நிறுத்தாவிட்டால் கொலை பெருகும் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை, அதற்கு மேல் அந்த இரண்டு எண்களால் சொல்ல முடியாது. லண்டனில் 2008-ல் கத்திக் குத்துக்கு எதிராக ப்ளன்ட் 2 என்ற நடவடிக்கையில் சில பகுதிகளில் சோதனைகளை மிகவும் கூட்டினார்கள், சில பகுதிகளில் அவ்வளவு கூட்டவில்லை. அந்நாட்டு உள்துறை 2016-ல் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. குற்றம் குறைந்ததாகப் புள்ளியியல் கணக்கில் தெரியவில்லை. சரியான ஆளைப் பிடிக்கும் குறிவைத்த சோதனைக்குப் பயன் இல்லை என்று இதிலிருந்தும் சொல்ல முடியாது. எண்ணிக்கையைக் கூட்டுவதால் பயன் தெரியவில்லை, அவ்வளவே.

பழைய பயிற்றுநர் | மார்ச் 6, காலை 5.40

நேற்று எண்களிலேயே நின்றுவிட்டேன். அந்தத் தீர்ப்பில் என்னை உலுக்கியது படிவம்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காவலர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், UF-250 என்று பெயர். காரணங்கள் கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும், டிக் அடித்தால் போதும். 'ஒளிவுமறைவான அசைவு' என்று ஒரு கட்டம், 'குற்றம் அதிகமுள்ள பகுதி' என்று ஒரு கட்டம். முதலாவது 42 சதவீதப் படிவங்களில் டிக். இரண்டாவது பாதிக்கும் மேல். ஒளிவுமறைவான அசைவு என்றால் என்ன என்று காவலர்களையே நீதிமன்றத்தில் கேட்டார்கள். திசை மாறி நடப்பது, ஒரு மாதிரி நடப்பது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, பதற்றப்படுவது, பேச்சுத் திக்குவது என்று பதில் வந்தது. காவலர் பக்கத்தில் வந்து நின்றால் யாருக்குத்தான் பதற்றம் வராது?

எந்தக் குற்றத்தைச் சந்தேகித்தீர்கள் என்று எழுதவும் ஒரு இடம் உண்டு. அதைச் சரியாக எழுதாமல் விட்ட படிவங்கள் 2004-ல் 1 சதவீதம், 2009-ல் 36 சதவீதம். ஐந்தே வருடத்தில். கத்தியா, போதைப்பொருளா, திருட்டா, எதைத் தேடினோம் என்றே தெரியாமல் மூன்றில் ஒன்றுக்கும் மேல். நான் சொன்ன வெறும் பாக்கெட் மாணவன்தான் அங்கே லட்சக்கணக்கில் எழுதியிருக்கிறான். ஒரே வித்தியாசம், என் மாணவன் வாக்கியம் ஒன்றை யோசித்து எழுத வேண்டியிருந்தது. அங்கே அதையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பழைய பயிற்றுநர் | மார்ச் 6, மதியம் 12.15

செயலாளருக்கு இன்னொரு பதில் பாக்கி. இது என் சொந்தக் கதை, இதுவரை எங்கும் எழுதியதில்லை.

ரோந்தில் நான்காம் வருடம். என் பகுதியில் வீட்டுத் திருட்டுகள் நடந்தன. குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள், எங்களையும் கூப்பிட்டார்கள். திருட்டைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார்கள். அரை மணி நேரத்தில் பேச்சு, தெருமுனையில் நிற்கும் பையன்கள் பக்கம் போனது. இரவில் கூட்டமாக நிற்கிறார்கள், சிரிக்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் என்றே தெரியவில்லை. கூட்டம் முடிந்தபோது எங்கள் அதிகாரி சொன்னது: "அந்த முனையைக் கவனிச்சுக்கோங்க."

கவனித்தோம். மூன்று வாரம், ஒவ்வொரு இரவும். என் நோட்டில் எண்ணி வைத்திருக்கிறேன், 61 பேர். பெரும்பாலும் அதே ஒன்பது பத்துப் பையன்கள் திரும்பத் திரும்ப. கிடைத்தது ஒரு சிறு கத்தி, ஒருவனிடம் கொஞ்சம் கஞ்சா. திருட்டுப் பொருள் ஒன்றுகூட இல்லை.

நான்காவது வாரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. திருட்டுகள் எல்லாமே பகலில், வீட்டார் வேலைக்குப் போன நேரத்தில். நாங்கள் நிறுத்தியதெல்லாம் இரவு ஒன்பதுக்கு மேல். கூட்டத்தில் இரண்டு தனிப் புகார்கள் இருந்தன: திருட்டு ஒன்று, பையன்கள் நிற்பது பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்கு எங்களுக்கு அதிகாரம் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. முதலாவதின் அதிகாரத்தை எடுத்து இரண்டாவதின் மீது செலவு செய்தோம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாருக்கும் அது தெரியவும் இல்லை.

திருடியவர் பிறகு பிடிபட்டார். பகலில் பொருள் கொண்டுவந்து கொடுப்பவர் போல வருவார், யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. துப்பு கொடுத்தது அந்த முனையில் நின்ற பையன்களில் ஒருவனின் அம்மா. பையனிடம் கேட்டிருந்தால் அவனே முதல் வாரத்தில் சொல்லியிருப்பான், அவனும் அந்த ஆளைப் பார்த்திருக்கிறான். அவனை ஐந்து தடவை சுவரில் கைவைத்து நிற்கச் சொன்னவன் நான். ஒரு தடவைகூட ஏதாவது பார்த்தாயா என்று கேட்கவில்லை.

குடியிருப்புச் சங்கம் | மார்ச் 6, இரவு 7.30

நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எங்களுக்கு வேறு வழி என்ன? பார்த்ததைச் சொல்லக் கூடாதா? தொலைபேசியில் தகவல் கொடுத்தால் வந்து சோதிக்க வேண்டாமா?

பழைய பயிற்றுநர் | மார்ச் 6, இரவு 9.05

கட்டாயம் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்பதில்தான் விஷயம். இதற்கும் ஒரு வழக்கு உண்டு. 1995, மயாமி பக்கம். பெயர் சொல்லாத ஒருவர் தொலைபேசியில், இந்தப் பேருந்து நிறுத்தத்தில் கட்டம் போட்ட சட்டை அணிந்த கறுப்பு இளைஞனிடம் துப்பாக்கி இருக்கிறது என்றார். காவலர்கள் போனார்கள். அப்படி ஒரு பையன் நின்றான், வயது 15. சந்தேகப்படும்படி எதுவும் செய்யவில்லை. தடவினார்கள், துப்பாக்கி இருந்தது.

இருந்தும் 2000-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சோதனை செல்லாது என்றது. சட்டை பற்றிச் சொன்னது சரியாக இருந்தது, ஆனால் சட்டையை யாரும் பார்க்கலாம். உள்ளே துப்பாக்கி இருப்பது தகவல் கொடுத்தவருக்கு எப்படித் தெரியும் என்பதற்கு எதுவுமே இல்லை. இப்படி அனுமதித்தால் ஒருவர் மேல் கோபம் உள்ளவர் ஒரு போன் செய்து அவரைத் தெருவில் கைதூக்க வைத்துவிடலாம் என்பதையும் நீதிமன்றம் சுட்டியது.

ஆகவே கூப்பிடும்போது "ஒருத்தன் சுத்திட்டு இருக்கான்" என்று சொல்லாதீர்கள். என்ன செய்தார், எந்தக் கதவை இழுத்துப் பார்த்தார், எத்தனை மணிக்கு, நீங்கள் நேரில் பார்த்தீர்களா, யாரோ சொன்னார்களா என்று சொல்லுங்கள். உங்களைத் திரும்பக் கூப்பிட எண் கொடுங்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரும் இதையெல்லாம் கேட்க வேண்டும். அவர் கேட்காமல் 'சந்தேக நபர்' என்று இரண்டு வார்த்தை மட்டும் வண்டிக்கு அனுப்பினால் காவலர் அந்த வார்த்தையை நம்பி இறங்குகிறார். இறங்கும்போதே அவர் பார்வையில் அந்த ஆள் பாதிக் குற்றவாளி.

பழைய வக்கீல் | மார்ச் 7, காலை 11.00

நிறுத்துவது பற்றியே பேசுகிறீர்கள். கைதிலும் இதே கதைதான், இந்திய நீதிமன்றங்களில் தினமும் பார்க்கிறேன். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது கட்டாயம் இல்லை, தேவை என்ன என்று எழுத வேண்டும் என்பது சட்டம். காவலர்கள் அதைப் பின்பற்றாததால் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்களிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும், ஒவ்வொரு கைதுக்கும் அதை நிரப்பி மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க வேண்டும் என்றது. இப்போது 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 35.

பட்டியல் வருகிறது. 'சாட்சிகளைக் கலைக்க வாய்ப்பு உள்ளது', 'தலைமறைவாக வாய்ப்பு உள்ளது'. நூறு வழக்கிலும் அதே வரி, சில சமயம் முந்தைய வழக்கின் பெயர்கூட மாறாமல். எந்தச் சாட்சி, எப்படிக் கலைப்பார் என்று கேட்கும் மாஜிஸ்திரேட் இருக்கும் நீதிமன்றத்தில் மட்டும் பட்டியல் ஒழுங்காக வருகிறது.

இன்னொரு பக்கம், ஸ்டேஷன் வாசலில் கூட்டம் நின்று "ஏன் இன்னும் கைது பண்ணலை" என்று கேட்கும்போது நோட்டீஸ் கொடுத்து அனுப்பினேன் என்று சொல்ல ஒரு அதிகாரிக்குத் துணிச்சல் வேண்டும். அனுப்பினால் காசு வாங்கிவிட்டார் என்பார்கள். கைது செய்தால் கூட்டம் கலைந்துவிடும். அன்று மாலை கூட்டம் கலைவதுதான் அவருக்கு முக்கியம். கைது தேவையா என்பது பத்து நாள் கழித்து என் போன்றவர் கேட்கும் கேள்வி.

பழைய பயிற்றுநர் | மார்ச் 7, மதியம் 2.40

வக்கீல் சொன்னதில் 'கேட்கும் மாஜிஸ்திரேட்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முதல் நாள் நான் எழுதியதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பயிற்சியை மாற்றினேன், நிறுத்தங்கள் பாதியாகக் குறைந்தன என்று பெருமையாக எழுதினேன். குறைந்தது நான் பக்கத்தில் நின்று கேட்டதால் இருக்கலாம்.

நியூயார்க்கில் 2018-ல் தொடங்கிக் காவலர்களுக்கு மனதில் ஒளிந்திருக்கும் பாகுபாடு பற்றி வகுப்பு எடுத்தார்கள். 2020-ல் அதன் மதிப்பீடு வந்தது. வகுப்புக்குப் போனவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது. தெருவில் யாரை நிறுத்துகிறார்கள் என்பதில் கண்டறியக்கூடிய மாற்றம் இல்லை. ஒரு நாள் வகுப்பு ஒரு பக்கம். ஒவ்வொரு காலையும் எத்தனை நிறுத்தினாய் என்று கேட்கும் அதிகாரி இன்னொரு பக்கம். எது வெல்லும்?

இங்கிலாந்தில் 2013-ல் காவல் துறைகளைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு 8,783 சோதனைப் பதிவுகளைப் படித்துப் பார்த்தது. 27 சதவீதத்தில் போதுமான காரணம் எழுதப்படவில்லை. அங்கே 1984-ம் ஆண்டுச் சட்டமே காரணம் கேட்கிறது. காவலர் எதை எல்லாம் சொல்ல வேண்டும் என்று முதல் எழுத்துகளைக் கோத்து மனப்பாடச் சொல்லே வைத்திருக்கிறார்கள். மனப்பாடம் இருந்தது. எழுதியதைத் திரும்பிப் படிக்கும் கண் குறைவாக இருந்தது.

நடைபாதை | மார்ச் 8, இரவு 10.40

நான் கேட்டது எங்கேயோ போய்விட்டது, ஆனால் எல்லாவற்றையும் படித்தேன். இப்போது எனக்கு ஒரே சந்தேகம். அன்று நான் வேகமாக நடந்தது உண்மைதான். குளிர், பசி. அது காரணம் ஆகுமா?

பழைய பயிற்றுநர் | மார்ச் 9, காலை 6.20

இதில் தெளிவான கோடு இல்லை. அமெரிக்காவில் அதே 2000-ல் இன்னொரு வழக்கில், போதைப்பொருள் அதிகம் விற்கும் பகுதியில் காவலர்களைப் பார்த்ததும் ஒருவர் தலைதெறிக்க ஓடியது சந்தேகத்துக்குப் போதும் என்று தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நான்கு. ஒன்றும் செய்யாதவரும் காவலருக்குப் பயந்து ஓடலாம் என்றார்கள் மறுத்த நால்வர். நீங்கள் ஓடவில்லை, நடந்தீர்கள். வேகமாக நடப்பதை நான் ஏற்க மாட்டேன், ஏற்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள்.

உங்களை நிறுத்திய அந்த வண்டியில் என் மாணவன் இருந்திருந்தால் அவனிடம் கேட்டிருப்பேன்: புகார் எதைப் பற்றி? எப்போது வந்தது? அதில் சொன்ன ஆளுக்கும் இவருக்கும் எது ஒத்துப்போகிறது? இவர் வேகத்தை மாற்றியதை நீ பார்த்தாயா, முதலிலிருந்தே அதே வேகமா? இந்தப் பையில் எதைத் தேடப்போகிறாய்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வண்டியிலிருந்து இறங்காதே என்பேன். இறங்கியே ஆக வேண்டுமானால் பேச இறங்கு, "இவ்வளவு நேரத்துல எங்க போறீங்க" என்று கேள், கையைப் பின்னால் வைத்துக்கொள்.

நீங்கள் செய்யக்கூடியது: தேதி, நேரம், இடம், இருவரும் சொன்ன இரண்டு காரணங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே இன்றே எழுதி வையுங்கள். அந்த நிறுத்தம் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு இருந்தால் அதில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆவல்.

நடைபாதை | மார்ச் 21, மாலை 5.55

பதில் வந்தது. அந்த இரவு அந்த இடத்தில் நிறுத்தம் எதுவும் பதிவாகவில்லை என்கிறார்கள்.

பழைய பயிற்றுநர் | மார்ச் 21, இரவு 8.10

அன்று இரவு அந்தப் பகுதியிலிருந்து ஏதாவது புகார் அழைப்பு வந்ததா என்று தனியாகக் கேளுங்கள். அழைப்புப் பதிவேடு வேறு இடத்தில் இருக்கும், அதை ரோந்துக்காரர்கள் எழுதுவதில்லை.